பாட்காஸ்டில் திருத்தம் சொல்லும்போது நேரும் தவறுகள்

ஒரு வரலாற்று பாட்காஸ்டில், "தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று சொல்லிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாளே ஒருவர், மாலை வெயிலில் நிழல் நீண்டு கிடக்கும் படத்தை அனுப்பிவிட்டார். அடுத்த பகுதியில் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்: "சென்ற பகுதியில் சில தகவல்கள் குறித்து நேயர்கள் கருத்துச் சொல்லியிருந்தார்கள். யாருக்கேனும் குழப்பம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்."

எது தவறு, எது சரி என்ற இரண்டுமே இதில் இல்லை. 'ஏற்பட்டிருந்தால்' என்ற சொல் பழியைக் கேட்டவர் தலையில் வைக்கிறது. குழம்பியது அவரல்ல, தவறாகச் சொன்னது நாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"சென்ற பகுதியில், 12ஆவது நிமிடத்தில், பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றேன். அது தவறு. காலையிலும் மாலையிலும் நிழல் தரையில் விழுகிறது. உச்சிவேளையில் அது பெரும்பாலும் அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் அந்த நம்பிக்கை பரவியிருக்கலாம். சரிபார்க்காமல் சொன்னதற்கு வருந்துகிறேன். கல்வெட்டுகள் பற்றிச் சொன்னவற்றில் மாற்றமில்லை."

அரை நிமிடத்துக்குள் வாசித்துவிடலாம். கடைசி வாக்கியத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், மற்றவற்றையும் நம்பலாமா என்ற சந்தேகம் கேட்பவரிடம் தங்கிவிடும். வேலைப்பளு, நம்பிய புத்தகம் என்று காரணம் அடுக்குவதும், மூன்று முறை மன்னிப்புக் கேட்பதும் திருத்தத்தையே மூடி மறைத்துவிடும்.

தவறு நிகழ்ச்சியின் அடித்தளத்தையே அசைத்தால் இந்த அளவு போதாது. ஆப்பிள் பொருள்கள் தயாராகும் சீன ஆலைகள் பற்றிய பகுதியில் புனைவு கலந்திருந்தது தெரிந்ததும், அமெரிக்க வானொலி நிகழ்ச்சியான 'திஸ் அமெரிக்கன் லைஃப்' 2012 மார்ச்சில் அதைத் திரும்பப் பெற்று, அதை விளக்கவே ஒரு முழுப் பகுதியை ஒதுக்கியது.

இன்னொரு தவறு, ஓசைப்படாமல் ஒலிக்கோப்பை மாற்றிவிடுவது. பழைய கோப்பை ஏற்கெனவே பதிவிறக்கியவர்களின் கைபேசியில் பொதுவாக அதுவே இருக்கும்; இருவேறு பதிப்புகள் உலவுவதை யாராவது கண்டுபிடித்தால், மறைத்தீர்கள் என்றுதான் நினைப்பார்கள். கோப்பை மாற்றுங்கள். ஆனால் பழைய பகுதியின் தொடக்கத்திலும், அதன் குறிப்பில் தேதியோடும், அடுத்த பகுதியின் முதல் நிமிடத்திலும் திருத்தத்தைச் சொல்லுங்கள். முடிவில் சொன்னால், பாதியில் நிறுத்துகிறவர்களுக்குப் போய்ச் சேராது.

கோப்பை மாற்றும்போது, செயலிகளுக்குப் பகுதிகளின் பட்டியலைத் தரும் ஊட்டத்தில் அந்தப் பகுதிக்குரிய அடையாளக் குறியான `guid` மாறக் கூடாது. மாறினால் செயலிகள் அதைப் புதிய பகுதியாகக் காட்டும். தொடக்கத்தில் 25 விநாடி சேர்த்தால் குறிப்பிலுள்ள நேரங்களும் 25 விநாடி தள்ளிப்போகும். அவற்றையும் மாற்றிவிடுங்கள்.