வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வு வினாவைச் சரிசெய்தது எப்படி

வேலூர் வட்டாரப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தை வைத்து எம்.எட். ஆய்வு செய்கிறேன். 'வீட்டுப்பாடம் அடைவை உயர்த்துகிறதா?' என்ற என் வினாவை வழிகாட்டி ஐயா ஏற்கவில்லை. 'எதை அளப்பீர்கள்?' என்பதே அவர் கேள்வி.

'தினமும் வீட்டுப்பாடத்துக்குச் செலவிடும் நிமிடங்கள்' என்று மாற்றினேன். காட்பாடியில் நடத்திய முன்னோட்டத்தில் முடிவு தலைகீழாக வந்தது. நேரம் கூடக்கூட மதிப்பெண் குறைந்தது. வினாத்தாளைத் திருத்தினேன், வேறு பிரிவு மாணவர்களைச் சேர்த்தேன், பலனில்லை.

விடை மாணவர்களின் நேரக்குறிப்பில் இருந்தது. மாலை 6.30 முதல் 8.45 வரை என்று எழுதிய மாணவி நான்கு கணக்குகளே போட்டிருந்தாள். அடித்து அடித்து எழுதிய தாள். அதே கணக்குகளை இன்னொருத்தி அரைமணியில் முடித்திருந்தாள். நிமிடம் உழைப்பை மட்டும் காட்டவில்லை, முன்பே இருந்த தடுமாற்றத்தையும் சேர்த்துக் காட்டியது.

எனவே நிமிடங்களை விட்டு, கொடுத்த கணக்குகளில் தானே முடித்தவற்றின் விகிதத்தை எடுத்தேன். முன்பே இருந்த தடுமாற்றத்தின் விளைவைப் பிரித்து வைக்க, காலாண்டு மதிப்பெண்ணைக் கட்டுப்பாட்டு மாறியாகச் சேர்த்தேன். வினா இப்படி அமைந்தது: 'காலாண்டு மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்ட பின், வீட்டுப்பாடம் முடித்த விகிதத்துக்கும் அரையாண்டுக் கணித மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டா?'

தொடர்பில்லை என்பது, தரவை வைத்து மறுக்க முடிகிறதா என்று சோதிக்கும் இன்மைக் கருதுகோள். உண்டு என்பது மாற்றுக் கருதுகோள். 'நேர்மறைத் தொடர்பு' என்று எழுதவில்லை, ஏனெனில் எதிர்த்திசை முடிவையும் சோதனை பிடிக்க வேண்டும். 'உயர்த்துகிறது' என்ற சொல்லையும் நீக்கினேன். யாருக்கு எவ்வளவு வீட்டுப்பாடம் என்பதை நான் தீர்மானிக்காத ஆய்வில் காரணம் சொல்ல இடமில்லை. ஐயா கையெழுத்திட்டார்; பெரும் நிம்மதி.