#ரத என்றொரு ஹேஷ்டேக்: மும்மொழிப் பிரசாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் 14, உலகக் குருதிக் கொடையாளர் நாள். ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னரின் பிறந்தநாள் அது. ஒரு முகாமுக்காகத் தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் சிறு பதிவுகள் தயாரித்துக் கொடுத்தேன். எந்த ஹேஷ்டேக் எத்தனை முறை வந்தது என்று வாரக் கடைசியில் கைக்கு வந்த கணக்கில் ஆங்கிலத்துக்கு #DonateBlood என்று ஒழுங்காக இருந்தது. தமிழுக்கு #ரத என்றும் இந்திக்கு #रक என்றும் இரண்டு வரிகள். அப்படி ஒன்றை நாங்கள் யாரும் எழுதவே இல்லை.

காரணம் எளிது. பதிவுகளிலிருந்து ஹேஷ்டேக்கைப் பிரித்தெடுக்க எங்கள் நண்பர் பைத்தானில் எழுதிய ஒரே வரிதான்:

```python
import re
re.findall(r'#\w+', '#ரத்ததானம்')
# ['#ரத']
```

கணினிக்கு ‘த்’ என்பது ஓர் எழுத்தல்ல. த என்ற குறியும் அதன் பின் தனியாக வரும் புள்ளியும். பைத்தானில் எழுத்தையும் எண்ணையும் பிடிக்கும் \w உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே முதல் புள்ளி வந்ததும் ஹேஷ்டேக் முடிந்துவிட்டதாக முடிவு கட்டுகிறது. #रक्तदान அதே காரணத்தால் क-வோடு நின்றது. இதில் பெரிய ஆபத்து, கணக்கு சுழியமாக வராமல் ஏதோ ஓர் எண் வருவதுதான். #ரத்ததானம், #ரத்தம் வேண்டும் என்று கேட்டவர்கள், #ரத்தசோகை எல்லாமே #ரத என்ற ஒரே வரியில் போய் விழுந்திருந்தன. எண் பெரிதாக இருந்ததால் முதலில் எல்லோரும் மகிழ்ந்தோம். திருத்தம் இது:

```python
r'#[\w\u0900-\u0963\u0966-\u097F\u0B80-\u0BFF]+'
```

நடுவில் இரண்டு குறிகளை விட்டிருப்பது வேண்டுமென்றேதான். அவை இந்தியில் வாக்கிய முடிவில் வரும் செங்குத்துக் கோடுகள். விட்டுவைக்காவிட்டால் அவையும் ஹேஷ்டேக்கின் வாலில் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ் தளம் தமிழ், இந்தி ஹேஷ்டேக்குகளை முழுமையாகவே படிக்கிறது. பழுது பெரும்பாலும் நாம் கணக்கெடுக்கும் கருவியில்தான் இருக்கும்.

கணக்கைச் சரிசெய்த பிறகுதான் எங்கள் சொந்தத் தவறு தெரிந்தது. ஆங்கிலத்தில் முதலில் எழுதி, வாக்கியத்துக்குள்ளேயே ஹேஷ்டேக்கைப் பொதித்து, அப்படியே தமிழாக்கியிருந்தோம். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். ஒட்டும்போது சொல்லின் கடைசியையும் மாற்றும். ‘ரத்ததானத்தில் பங்கேற்போம்’ என்று எழுதி முன்னால் # போட்டால் அது #ரத்ததானத்தில் என்ற தனி ஹேஷ்டேக். #ரத்ததானம் என்பதைத் தட்டிப் பார்ப்பவருக்கு அது அகப்படாது. எங்கள் பதிவுகளில் தானத்தை, தானத்துக்கு, தானமும் என்று ஒரே சொல் நான்கைந்து துண்டாகச் சிதறிக் கிடந்தது. இந்தியில் இந்தத் தொல்லை குறைவு. உருபுகள் தனிச் சொல்லாக நிற்பதால் #रक्तदान में என்று எழுதினாலும் ஹேஷ்டேக் குலைவதில்லை. ஆக, ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் பொருந்திய அச்சு தமிழுக்குப் பொருந்தவில்லை.

வழி இரண்டு. வாக்கியத்தை முடித்துவிட்டு ஹேஷ்டேக்கைத் தனியாகக் கடைசியில் வைப்பது ஒன்று. மற்றது, அதை எழுவாயாக வைத்தே வாக்கியம் அமைப்பது: ‘#ரத்ததானம் ஓர் உயிரைக் காக்கும்.’ நான் முதல் வழியையே விரும்புகிறேன். நடுவில் நீல எழுத்து வந்தால் படிப்பவர் கண் தடுக்கும்.

அடுத்தது எழுத்துக்கூட்டு. ரத்ததானமா, இரத்ததானமா, குருதிக்கொடையா? எது சரி என்று தமிழாசிரியர்கள் வாதிடட்டும். ஹேஷ்டேக்குக்கு மூன்றும் மூன்று தனி ஊர்கள். தேடலில் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, ஏற்கெனவே கூட்டம் இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தொண்டர்கள் அனைவருக்கும் அதையே நகலெடுத்து அனுப்புவது நல்லது. ‘தட்டச்சு செய்துகொள்ளுங்கள்’ என்று விட்டால் ஒருவர் ‘ரத்த தானம்’ என்று இடைவெளி விடுவார். ஹேஷ்டேக் ‘ரத்த’ என்பதோடு முடிந்துவிடும். நீண்ட தொடரை ஹேஷ்டேக் ஆக்கவும் கூடாது. ஆங்கிலத்தில் #DonateBlood என்று பெரிய எழுத்து சொற்களைப் பிரித்துக் காட்டும். தமிழில் அந்த வசதி இல்லை. தவிர்க்க முடியாவிட்டால் அடிக்கோடு போட்டு #உயிர்_காப்போம் என்று எழுதலாம்.

இந்தியில் நாங்கள் சறுக்கியது வேறிடத்தில். ‘நான் ரத்தம் கொடுப்பேன்’ என்ற உறுதிமொழியை மூன்று மொழியிலும் ஹேஷ்டேக் ஆக்க நினைத்தோம். தமிழில் ‘கொடுப்பேன்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இந்தியில் #मैंरक्तदानकरूँगा என்பது ஆண் சொல்வது. பெண் சொன்னால் முடிவு करूँगी ஆகும். முகாமுக்கு அழைக்கும் ஹேஷ்டேக்கே பாதிப் பேரை வெளியே நிறுத்தியது. போதாததற்கு करूँगा என்பதைச் சந்திரபிந்துவுக்குப் பதிலாக வெறும் புள்ளி வைத்து करूंगा என்றும் பலர் எழுதுவார்கள். அது இன்னொரு ஹேஷ்டேக். பெயர்ச்சொல்லான #रक्तदान-க்கே திரும்பிவிட்டோம்.

முழக்கமும் அப்படித்தான். இந்தியில் ‘ரக்ததான் மஹாதான்’ என்பது நெடுங்காலமாகச் சுவரில் பதிந்துபோன வாசகம். அதைத் தமிழில் ‘ரத்ததானம் மகாதானம்’ என்று வைத்தபோது எங்கள் குழுவில் ஒரு பெரியவர், “என்னப்பா, கோயில் ரசீது மாதிரி இருக்கிறதே” என்றார். ‘ரத்ததானம் செய்வீர், உயிர் காப்பீர்’ என்று நம் சுவர்களில் இருப்பதையே எடுத்துக்கொண்டோம். மூன்று முழக்கங்களும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பாக இருக்கத் தேவையில்லை. நாள், இடம், தகுதி மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் போதும். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம் என்ற விவரம் ஒரு மொழியில் விடுபட்டாலும் முகாம் வாசலில் யாரையோ திருப்பி அனுப்ப வேண்டிவரும்.

எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு 280 என்ற வரம்பு உண்டு. அது நாம் பார்க்கும் எழுத்தை எண்ணுவதில்லை, குறிகளை எண்ணுகிறது. ‘குருதிக்கொடை’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, வரம்பில் 12. ‘ரத்ததானம்’ ஆறு எழுத்து, வரம்பில் 9. இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23. ஆங்கிலத்தில் 250-ஐ நிரப்பிவிட்டுத் தமிழாக்கினால் கடைசியில் வெட்டு விழுவது பெரும்பாலும் முகவரியில்தான். நான் இப்போதெல்லாம் தமிழைத்தான் முதலில் எழுதுகிறேன். அது இடத்துக்குள் அடங்கினால் மற்ற இரண்டும் தாமாக அடங்கிவிடுகின்றன.

மூன்று மொழியையும் ஒரே பதிவில் திணிப்பதும் வேண்டாம். இடம் போதாது என்பது ஒருபுறம். தமிழ்நாட்டுக் கணக்கிலிருந்து இந்தி முன்னால் வந்தால் பின்னூட்டம் முழுவதும் மொழிச் சண்டையாகிவிடும். முகாம் எங்கே என்று கேட்பவர் அதற்குள் காணாமல் போவார். தனித்தனிப் பதிவாக, தமிழ் முதலில். இந்திப் பதிவு யாருக்கு என்பதையும் யோசிக்க வேண்டும். திருப்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்கு என்றால், அவர்களில் ஒடிசாக்காரர் பலருக்குத் தாய்மொழி ஒடியா.

பதிவேற்றுவதற்கு முந்தைய இரவு மூன்று ஹேஷ்டேக்குகளையும் ஒரு சோதனைக் கணக்கிலிருந்து போட்டு, கைபேசியில் தட்டிப் பாருங்கள். நீலம் எங்கே முடிகிறது என்பதே சோதனை. சுவரொட்டி வடிவமைப்பாளர் அனுப்பிய கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. பாமினி எழுத்துருவில் செய்திருந்தால் ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தது பதிவில் jkpo; என்று வந்து நிற்கும்.