பாதி வழியில் கிடைக்கும் pKa: அசிட்டிக் அமிலத் தரம்பார்த்தல்

அசிட்டிக் அமிலத்தின் pKa-வைக் கண்டுபிடிக்க அதன் செறிவு தெரிந்திருக்க வேண்டியதில்லை. pH மீட்டரும் பியூரெட்டும் போதும்.

முதலில் pH 4, pH 7 தாங்கல் கரைசல்களில் மீட்டரைச் சரிசெய்யுங்கள். இதை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள், காரணம் பின்னால் வரும். அப்புறம் ஏறக்குறைய 0.1 M அசிட்டிக் அமிலத்தை 25 மி.லி. பிப்பெட்டில் எடுத்து பீக்கரில் விடுங்கள். மின்முனை மூழ்கவில்லை என்றால் கொஞ்சம் வாலை வடிநீர் சேர்க்கலாம். அமிலத்தின் மோல் எண்ணிக்கை மாறாது என்பதால் தேவைப்படும் காரத்தின் அளவும் மாறாது.

பியூரெட்டில் 0.1 M சோடியம் ஹைட்ராக்சைடை நிரப்பி, முதலில் 1 மி.லி. வீதம் விட்டு, ஒவ்வொரு முறையும் கலக்கி pH-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். 23 மி.லி. தாண்டியதும் 0.2 மி.லி. வீதமாகக் குறைத்துவிடுங்கள். pH வேகமாக ஏறத் தொடங்கினால் 0.1 மி.லி. போதும்.

கன அளவை கிடை அச்சிலும் pH-ஐச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால், கோடு நெடுநேரம் மெதுவாக ஏறி, ஓரிடத்தில் செங்குத்தாக எழும். உதாரணமாக 24.5 மி.லி.யில் pH 7.1, 24.7-இல் 10.3 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 24.6 மி.லி.தான் சமானப் புள்ளி. அங்கே pH 7 அல்ல, ஏறக்குறைய 8.7, உருவான அசிடேட் அயனி நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடைத் தருகிறது.

இப்போது 24.6-இல் பாதி 12.3 மி.லி. வரைபடத்தில் அந்த இடத்து pH-ஐப் படியுங்கள்: 4.76. பாதியாக்க வேண்டியது கன அளவை. பலர் சமானப் புள்ளியின் pH-ஐயே பாதியாக்கி 4.35 என்று எழுதிவிடுகிறார்கள்.

அந்த இடத்தில் அமிலத்தில் பாதி அசிடேட்டாக மாறியிருக்கும், மீதிப் பாதி அப்படியே இருக்கும்.

```
Ka = [H+][CH3COO-]/[CH3COOH]
[CH3COO-] = [CH3COOH]  =>  pH = pKa
Ka = 10^-4.76 = 1.7 x 10^-5
```

இந்த முறையின் அழகு, பாதிப் புள்ளியில்தான் கோடு மிகத் தட்டையாக இருக்கிறது என்பது. கன அளவில் 0.3 மி.லி. பிசகினாலும் pH 0.02 அளவுதான் மாறும். ஆனால் மீட்டர் 0.1 கூடுதலாகக் காட்டினால் அது நேராக pKa-வில் ஏறி, Ka ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தாங்கல் கரைசலில் நேரம் செலவிடச் சொன்னது இதனால்தான்.

டைகுளோரோஅசிட்டிக் அமிலம் போன்ற ஓரளவு வலிமையான அமிலங்களுக்கு இது சரிவராது. பாதிப் புள்ளியிலும் மீந்த அமிலத்தில் கணிசமான பகுதி தானாகவே பிரிந்திருக்கும். இரு செறிவுகளும் சமம் என்று சொல்ல முடியாது.