சாப்பிடும்போதும் போன் திறக்கணுமா? ஓரத்துக் கைரேகை பட்டனைச் சரியாகப் பழக்குவது எப்படி

சித்தி புதுப் போன் வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. "இந்த ரேகை எல்லாம் எனக்கு ஒத்து வரலடா, எடுத்து விட்டுடு" என்று போனை நீட்டினார். நான் வாங்கிப் பார்த்தேன். கடையில் பதிந்து கொடுத்திருந்தார்கள், வலது கட்டைவிரல் மட்டும். காலையில் நன்றாகத்தான் திறக்குமாம். மதியம் சாப்பிடும்போது அழைப்பு வந்தால்தான் தகராறு. வலது கையில் சோறு, போன் இடது கையில். அந்தக் கையில் பட்டன் மேல் படுவது ஆள்காட்டி விரல். அதைப் போனுக்குத் தெரியாது.

ஓரத்துப் பவர் பட்டனிலேயே ரேகை பார்க்கும் வசதி 2015-லேயே சோனி எக்ஸ்பீரியா இசட்5-ல் வந்துவிட்டது. இப்போது பட்ஜெட் போன்களில் சாதாரணம். சென்சார் ஒல்லியான ஒரு பட்டை, அவ்வளவுதான். விரலின் முழு ரேகையும் அதில் விழாது, ஒரு கீற்றுதான் விழும். எந்தக் கீற்று விழுகிறது என்பது நீங்கள் போனைப் பிடிக்கும் விதத்தைப் பொறுத்தது.

1. முதலில் பிடியைப் பாருங்கள். செட்டிங்ஸ் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். போனைப் பையிலிருந்து நாலைந்து முறை எடுங்கள், மேசையிலிருந்து நாலைந்து முறை எடுங்கள், பிறகு இடது கையால் அதையே செய்யுங்கள். யோசிக்காமல் எடுக்க வேண்டும். பட்டன் மேல் தானாக எந்த விரல் வந்து உட்காருகிறதோ அதுதான் பதிய வேண்டிய விரல். பட்டன் வலது ஓரத்தில் இருந்தால் பெரும்பாலும் வலது கட்டைவிரலும் இடது ஆள்காட்டி விரலும் வரும். கை சிறியதாக இருந்தால் இடது நடுவிரல் வரலாம்.

2. கவரை மாட்டிவிட்டுப் பதியுங்கள். பலர் விடும் தப்பு இது. தடிமனான கவரில் பட்டன் ஒரு சின்னக் குழிக்குள் போய்விடும். விரலின் நடுச்சதை மட்டுமே உள்ளே எட்டும். கவர் இல்லாமல் பதிந்த ரேகை அப்போது பொருந்தாது. கவரை மாற்றினால் மறுபடி பதிவதுதான் வழி.

3. பிடித்த நிலையிலேயே பதியுங்கள். ஆதார் எடுக்கும்போது வைப்பது போல விரலைத் தட்டையாக அழுத்தாதீர்கள். போனைக் கையில் பிடித்தபடி விரல் நுனி, நடு, இரு பக்கம் என்று ஒவ்வொரு தொடுகைக்கும் கொஞ்சம் நகர்த்துங்கள். இடம் மிச்சம் இருந்தால், அதிகம் பயன்படும் விரலையே இரண்டாம் முறை பதிய முடிகிறதா என்று பாருங்கள். சில போன்கள் விடும், சில மறுக்கும். பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு மட்டும் பதிய வேண்டாம்.

4. தொட்டாலே திறக்க வேண்டுமா, அழுத்தினால்தானா? சித்தியின் அடுத்த புகார் இதில்தான் தீர்ந்தது. போனைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதே உள்ளங்கை பட்டனில் பட்டுப் பட்டு, அது தவறான ரேகையாகக் கணக்காகியிருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஐந்து தடவை தப்பானால் ரேகை 30 விநாடி பூட்டிக்கொள்ளும். யாரும் தொடாத மாதிரி இருக்கும்போதே போன் அதிர்ந்தாலோ, எடுத்ததும் பின் நம்பர் கேட்டாலோ இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். (ஆஃப் செய்து ஆன் செய்தவுடன் கேட்பது வேறு, அது எப்போதும் கேட்கும்.) ஷாவ்மி போன்களில் கைரேகை செட்டிங்ஸுக்குள் `Fingerprint recognition method` என்று இருந்தால், அதை `Touch`-லிருந்து `Press`-க்கு மாற்றுங்கள். சாம்சங்கில் `Fingerprint always on` என்பதை அணைத்துவிடுங்கள். திறக்க ஓர் அழுத்தம் கூடுதல், ஆனால் தொல்லை போய்விடும்.

5. எதிர்ப் பக்கத்தில் என்ன பட்டன்? ஒலி பட்டன் இடது ஓரத்தில், பவர் பட்டன் வலது ஓரத்தில் நேருக்கு நேர் இருந்தால், ஒன்றை அழுத்தும்போது மற்றதும் அமுங்கும். கேலரியில் தேவையில்லாத ஸ்கிரீன்ஷாட் குவிவது இதனால்தான்: பவரும் ஒலிக்குறைப்பும் சேர்ந்தால் ஸ்கிரீன்ஷாட். அழுத்தும்போது எதிர்ப் பக்க விரலைப் பட்டனுக்குக் கீழே இறக்கிப் பிடித்துப் பழகுங்கள். பைக்கில் மாட்டும் ஹோல்டரின் கவ்வியும் பட்டன் மேல் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. அலர்ட் ஸ்லைடர் இருந்தால். பல ஒன்பிளஸ் போன்களின் ஓரத்தில் சொரசொரப்பான ஒரு சின்ன நகர்த்தி இருக்கும். மேலே தள்ளினால் சைலன்ட், நடுவில் அதிர்வு, கீழே மணி. கோயிலிலோ மருத்துவமனையிலோ போனை வெளியே எடுக்காமல் பைக்குள்ளேயே விரலால் தடவி மாற்றலாம், எனக்கு அதில் பிடித்ததே அதுதான். ஒரே இடைஞ்சல், இறுக்கமான பேன்ட் பையில் நுழைக்கும்போது துணி அதைத் தள்ளிவிடும். "ஏன் போனை எடுக்கல?" என்று வீட்டில் கேட்டால் முதலில் அதைத் தடவிப் பாருங்கள். அந்த ஓரம் பையின் உட்பக்கம் வரும்படி போட்டால் குறையும்.

ஸ்லைடர் இல்லாத பிக்சல் போன்களில் `Prevent ringing` என்ற வசதியை இயக்கிவிட்டால், பவரையும் ஒலிகூட்டும் பட்டனையும் சேர்த்து அழுத்தி மணியை அடக்கலாம்.

சித்திக்கு வலது கட்டைவிரல், இடது ஆள்காட்டி, இடது நடுவிரல் மூன்றும் கவரோடு பதிந்து, அழுத்தினால் திறக்கும்படி வைத்துக் கொடுத்தேன். மறுநாள் மதியம் அழைத்தேன். ரசம் உறிஞ்சும் சத்தத்தோடு எடுத்தார்.