குறிப்பேட்டுப் படத்தைப் பார்த்துப் பேரேடு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்குப்பதிவியல் நோட்டைப் படமெடுத்து, அதைப் பார்த்து ஸ்ப்ரெட்ஷீட்டில் பேரேடு போடுகிற பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஒரு பதிவை விட்டுவிடுவது, தேதியை மாற்றிப் போடுவது எல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடலாம்.

பற்றைப் பார்த்து வரவை நிரப்புவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். படத்தில் பற்றுத் தொகையை மட்டும் படித்து அடிப்பார்கள். வரவும் அதேதானே என்று அந்தத் தொகையையே பக்கத்தில் காப்பி செய்துவிடுவார்கள்.

ஒரு மாணவி கொண்டுவந்த பயிற்சியில் நான்கே பதிவுகள். ரொக்கத்துடன் தொழில் தொடங்கியது 50,000, ரொக்கக் கொள்முதல் 7,200, ரொக்க விற்பனை 4,500, வாடகை 2,000. பற்றுப் பத்தியில் 7 கொஞ்சம் மங்கியிருந்ததால் கொள்முதலை 1,200 என்று படித்துவிட்டார். பக்கத்திலேயே வரவுப் பத்தியில் 7,200 பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்க்கவே இல்லை.

"சார், இருப்பாய்வு டேலி ஆயிடுச்சு. விடையிலும் 54,500தான்" என்றார். உண்மைதான். சரியான கணக்கில் ரொக்க இருப்பு 45,300, கொள்முதல் 7,200, வாடகை 2,000, கூட்டினால் 54,500. அவர் கணக்கில் ரொக்கம் 51,300, கொள்முதல் 1,200, வாடகை 2,000. அதுவும் 54,500! கொள்முதலில் குறைந்த 6,000 ரொக்க இருப்பில் ஏறிக்கொண்டது. எதிர்ப்பக்கத்தில் முதல் 50,000, விற்பனை 4,500 இரண்டும் அப்படியே இருந்தன. விடையின் மொத்தத்தோடு ஒப்பிட்டாலும் இது சிக்காது.

அதனால் பற்றுப் பத்தி முழுவதையும் முதலில் அடியுங்கள். அப்புறம் அந்தப் பத்தியை மறைத்துவிட்டு, வரவைப் படத்திலிருந்தே தனியாகப் படித்து அடியுங்கள். எங்கே இரண்டும் ஒத்துப்போகவில்லையோ, அந்தப் பதிவை மட்டும் நோட்டில் பார்த்தால் போதும். குறிப்பேட்டின் அடியில் மொத்தம் போட்டிருந்தால் அதையும் ஒப்பிடுங்கள். இந்தப் பயிற்சியில் அது 63,700; மாணவி அடித்ததைக் கூட்டினால் 57,700தான் வரும். கடைசியாக ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் விடையோடு பாருங்கள், மொத்தத்தை மட்டும் அல்ல.

தொகைக்குப் பின்னால் கோடு

நோட்டில் 450/- என்று இருப்பதை அவசரத்தில் 4501 என்று படித்துவிடுவார்கள். கோட்டோடு அப்படியே அடித்தால் வேறு சிக்கல். அந்தக் கட்டம் எண்ணாக இல்லாமல் எழுத்தாகிவிடும், `=SUM(D2:D9)` அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். சந்தேகம் வந்தால் `=ISNUMBER(D5)` போட்டுப் பாருங்கள். FALSE வந்தால் தொகையைத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

பேரேட்டுப் பக்க எண்

குறிப்பேட்டில் தொகைப் பத்திக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த எண்ணைத் தொகை என்று அடித்துவிடாதீர்கள். அது தொகை அல்ல.

வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளுவது

இருப்பாய்வு டேலி ஆகாதபோது வரும் வித்தியாசத்தை இப்படித் தள்ளுவது பயிற்சியில் வேண்டவே வேண்டாம். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் 5,400 என்பதை 4,500 என்று இலக்கம் மாற்றி அடித்திருக்கிறீர்களா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடுங்கள். அது தவறான பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.