இருளில் கிடந்த விளம்பரப் பலகையும் நான் முறித்த ஒப்பந்தமும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை நடத்தும் நான், ஏற்காடு சாலையில் ஒரு விளம்பரப் பலகையை ஆறு மாதத்துக்கு எடுத்திருந்தேன். மாலை 6 முதல் இரவு 11 வரை விளக்கு எரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். மூன்றாம் மாதம் முதல் விளக்கு எரியவில்லை. புளியங்கிளை ஒன்று கடைப்பெயரின் பாதியை மறைத்தது.

தொலைபேசியில் பலமுறை கேட்டும் பயனில்லாததால், 12 இரவுகள் ஒரே இடத்தில் நின்று, தேதியும் நேரமும் பதியும்படி படம் எடுத்தேன். ஒப்பந்தத்தில் குறையைச் சரிசெய்ய 15 நாள் அவகாசம் தரவேண்டும் என்ற விதி இருந்ததால், உடனே முறிக்காமல், படங்களை இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன். இந்த அவகாசத்தைத் தராமல் முறித்திருந்தால் தவறு என் பக்கம் திரும்பியிருக்கும்.

பதினாறாம் நாளும் பலகை இருட்டாகவே நின்றது. அன்றைய படத்துடன் முறிவுக் கடிதம் அனுப்பினேன். முன்பணத்தில் மீதி மூன்று மாத வாடகையை, ஜிஎஸ்டிக்கான கிரெடிட் நோட்டுடன் திருப்பித் தந்தார்கள்.