வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காதீர்கள்

ஒன்றரை வயதுக் குழந்தை நாலைந்து முறை வாந்தி எடுத்துக் களைத்ததும் அதற்குத் தாகம் எடுக்கும். டம்ளரைப் பார்த்தாலே கையை நீட்டி அழும். "குடிக்கட்டும் உடு அம்மிணி, வயிறு காலியாக் கெடக்குது" என்று அமுச்சி சொல்வார். அம்மாவும் டம்ளரை வாயில் வைப்பார். குழந்தை 100 மில்லியை மடமடவென்று குடிக்கும். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் வெளியே வரும். அடுத்த நிமிடம் வீட்டில் முடிவாகிவிடும்: "தண்ணிகூடத் தங்க மாட்டேங்குது, இனி ஒண்ணும் குடுக்காதீங்க."

முதலில் அளவுக்கு மீறிக் கொடுப்பது, அப்புறம் அடியோடு நிறுத்துவது. சாதாரணமாக அடங்கிவிடக்கூடிய வாந்தி ஆஸ்பத்திரிவரை போவதற்குப் பல வீடுகளில் இந்த இரண்டும்தான் காரணம்.

வைரஸ் கிருமியால் வரும் வயிற்றுக்கோளாறில் இரைப்பை எரிச்சலோடு இருக்கும். அது விரிந்தாலே வாந்தி தூண்டப்படும். ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் இரைப்பை பெரிதாக விரியாது. அந்தச் சிறு அளவு மெல்ல நகர்ந்து குடலுக்குள் போய்விடும், உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். அதனால் நடுவில் ஒரு வாந்தி வந்தாலும் கொடுத்ததெல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம். வாந்தியின் அளவும் கண்ணை ஏமாற்றும். 30 மில்லி தண்ணீரை ஒரு துண்டில் ஊற்றிப் பாருங்கள், எவ்வளவு தூரம் பரவுகிறது என்று தெரியும்.

சரி, எப்படிக் கொடுப்பது? கோபி பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் 10 கிலோ எடையுள்ள குழந்தை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ராத்திரி எட்டரைக்குள் நான்கு முறை வாந்தி எடுத்துவிட்டது. கடைசி வாந்திக்குப் பிறகு பத்து நிமிடம் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். எட்டே முக்காலுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலை 5 மில்லி கொடுத்து ஆரம்பிக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே 5 மில்லி. ஒரு மணி நேரத்தில் 60 மில்லி உள்ளே போயிருக்கும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் இந்த எடையுள்ள குழந்தைக்கு நல்ல உடல்நிலையில் தேவைப்படுவதே மணிக்குச் சுமார் 40 மில்லிதான். ஆக இந்தக் கரண்டிக் கணக்கிலேயே அன்றாடத் தேவை போக மீதியும் சேர்கிறது.

ஒன்பதே முக்கால்வரை வாந்தி இல்லை என்றால், அடுத்த ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு 10 மில்லி. அதுவும் தங்கினால் 15, 20 என்று ஏற்றலாம். நடுவில் வாந்தி வந்தால் மறுபடி பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, 5 மில்லியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால், வாந்தி அடங்கிய பிறகு ஒவ்வொரு முறை போனதற்கும் 50 முதல் 100 மில்லிவரை கூடுதலாக, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகவே கொடுக்க வேண்டும்.

வீட்டுக் கரண்டிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. மருந்துக்கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு கிடைக்கும். இல்லையென்றால் காய்ச்சல் சிரப்போடு வரும் அளவு மூடி போதும். சிரிஞ்சைத் தொண்டையை நோக்கிப் பீய்ச்சாமல் கன்னத்தின் உட்புறத்தில் மெதுவாக விடுங்கள். பாலாடையில் ஊற்றினால் ஒரே வாயாகப் போய்விடும், அளவு கையில் நிற்காது. இரண்டு மணி நேரம் ஒருவரே உட்கார்ந்து கொடுப்பது கஷ்டம். அப்பா, அப்பத்தா, சித்தி என்று அரை மணிக்கு ஒருவர் மாறிக்கொண்டால் முடியும். கைபேசியில் ஐந்து நிமிட அலாரம் வைத்துவிடுங்கள். குழந்தை அழுது கேட்கும்போதும் அளவை ஏற்றாமல் இருப்பதுதான் இதில் பெரிய பாடு.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தவே கூடாது. நேரத்தைக் குறைத்து, அடிக்கடி கொடுங்கள்.

கரைசல் கலக்கும் தவறு இதைவிட ஆபத்தானது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்குகிறார்கள். மீதியை மடித்து நாளைக்கு என்று வைக்கிறார்கள். உப்பு அதிகமான கரைசல் குழந்தையின் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றிவிடும், அது வலிப்புவரை கொண்டுபோகும். பாக்கெட் 200 மில்லிக்கா, ஒரு லிட்டருக்கா என்று அதிலேயே எழுதியிருக்கும். முழுப் பாக்கெட்டையும் அந்த அளவு தண்ணீரில், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில், ஒரேயடியாகக் கலக்க வேண்டும். சர்க்கரையோ பாலோ ஜூஸோ சேர்க்கக் கூடாது. 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

அட்டைப் பெட்டியில் ஸ்ட்ராவோடு வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் அந்தச் சொல்லே வரக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அந்த வகைப் பானங்களில் சர்க்கரை அதிகம், சோடியம் குறைவு. வயிற்றுப்போக்கு இருந்தால் அது இன்னும் கூடும். கோலி சோடா, குளுக்கோஸ் தண்ணீர் எல்லாம் இதே ரகம்தான். இளநீர் நம் பக்கம் வாசலிலேயே கிடைப்பதால் முதலில் கை அதற்குத்தான் போகிறது. அதில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, ஆனால் வாந்தியில் போகும் சோடியத்தை அதனால் ஈடுகட்ட முடியாது. குழந்தை தேறிய பிறகு கொடுங்கள். அதுவரை ஓ.ஆர்.எஸ்.

அடுத்ததைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் "தொக்கம் எடுத்துட்டு வந்தரலாமுங்க" என்று கிளம்புவது கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறது. தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லி வாய்க்குள் விரலை விடுகிறார்கள், குழாய் வைத்து உறிஞ்சுகிறார்கள். குடலேத்தம் என்று வயிற்றை எண்ணெய் போட்டு நீவுகிறார்கள். இந்த வாந்தி தொண்டையில் எதுவும் சிக்கி வருவது அல்ல. விரல் பட்டால் வாந்தி மேலும் தூண்டப்படும், தொண்டையில் காயம் படலாம், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும் குழந்தையின் வயிற்றை அழுத்தி நீவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேல், கரண்டி கரண்டியாகக் கரைசல் போயிருக்க வேண்டிய இரண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸிலும் வரிசையிலும் போய்விடுகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வாந்தி சிரப்பும் வேண்டாம். சிலவற்றால் குழந்தையின் கழுத்தும் கண்ணும் இழுத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் எந்த மருந்து, எடைக்கு எவ்வளவு என்று டாக்டர்தான் எழுத வேண்டும்.

உள்ளே போவதைக் கணக்கு வைப்பவர்கள்கூட வெளியே வருவதைக் கவனிப்பதில்லை. நீர்ச்சத்து குறைகிறதா என்று வீட்டில் இருந்தபடியே சொல்லக்கூடிய நல்ல அடையாளம் சிறுநீர்தான். கடைசியாக எப்போது போனது என்று டாக்டர் கேட்டால், பாதிப் பேர் "காலையில போச்சுங்க, அப்புறம் டயப்பர் போட்டுட்டோம்" என்கிறார்கள். இப்போதைய டயப்பர் கொஞ்சம் சிறுநீரை உறிஞ்சிக்கொண்டு தொட்டால் காய்ந்தே இருக்கும். கழிச்சல் தண்ணீராகப் போனால், டயப்பர் கனமாக இருப்பது எதனால் என்றே தெரியாது. வாந்தி நாளில் முடிந்தால் வெள்ளைத் துணி கட்டுங்கள். டயப்பர்தான் என்றால் முன்பக்கம் கொஞ்சம் பஞ்சை வைத்துவிட்டு, இரண்டு மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஈரமான நேரத்தை நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதி வையுங்கள்.

இந்த வயதில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை நனைக்கும் குழந்தை இரண்டு மூன்றோடு நின்றால், நீர்ச்சத்து குறைய ஆரம்பித்திருக்கிறது. அடர் மஞ்சளாக, வாடை தூக்கலாக இருந்தாலும் அப்படித்தான். ஆறு மணி நேரம் ஒரு துளியும் இல்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும், எட்டு மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வாந்தியோடு நாக்கு வறண்டு களைத்துக் கிடக்கும் குழந்தைக்குச் சிறுநீர் மட்டும் நிறையப் போனால் அது நல்ல அடையாளம் அல்ல. சர்க்கரை நோய் அப்படித் தொடங்கலாம், ரத்தச் சர்க்கரையை அன்றே பார்க்க வேண்டும்.

சிறுநீரோடு மற்றதையும் சேர்த்துப் பாருங்கள். கண்ணீர் வராத அழுகை, ஒட்டும் நாக்கு, உள்வாங்கிய கண். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் நீர் குறைந்திருக்கிறது. இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பாகவே நின்றால் நிலைமை மோசம்.

இங்கே ஒரு விபரீதமான தவறு நடக்கும். முதலில் சிணுங்கிக்கொண்டு தண்ணீருக்குப் பறந்த குழந்தை, பிறகு கேட்காமல் சோர்ந்து படுத்துவிடும். "தாகம் அடங்கித் தூங்குது" என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். எழுப்பிப் பாருங்கள். கண் திறந்து முகம் பார்த்து, கரண்டியை வாங்கிக் குடித்தால் அது தூக்கம். விழிக்காமல் துவண்டால், கை கால் சில்லென்று இருந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், கரண்டிக் கணக்கை விட்டுவிட்டு 108-க்குக் கூப்பிடுங்கள்.

வாந்தி பச்சையாக வந்தாலோ, ரத்தமோ காபித்தூள் போன்ற நிறமோ தெரிந்தாலோ, வயிறு உப்பிக் கல்லாக இருந்தாலோ வீட்டு வைத்தியமே கூடாது. விட்டு விட்டுக் காலை மடக்கி வீறிட்டு அழுது, மலத்தில் சிவந்த ஜெல்லி போல வந்தால் குடல் செருகியிருக்கலாம். கீழே விழுந்து தலையில் அடிபட்ட பிறகு வரும் வாந்தி, தோட்டத்து மருந்தையோ மண்ணெண்ணெயையோ வாயில் வைத்த பிறகு வரும் வாந்தி, இவற்றுக்கும் உடனே ஆஸ்பத்திரிதான். அந்த டப்பாவையும் எடுத்துப் போங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

இது எதுவும் இல்லாவிட்டாலும், 5 மில்லிகூடத் தங்காமல் இரண்டு மணி நேரம் வாந்தி தொடர்ந்தால் கிளம்பிவிடுங்கள். வயிற்றுப்போக்கே இல்லாத வாந்தி ஒரு நாளைத் தாண்டினாலும் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தை என்றால் இவ்வளவு நேரம்கூடப் பார்க்க வேண்டாம். தாளவாடி, பர்கூர் மாதிரி மலை ஊர்களில் இருப்பவர்கள் பொழுது சாய்வதற்குள் முடிவெடுப்பது நல்லது, இறங்கி வரவே நேரம் பிடிக்கும். போகிற வழியிலும் கரண்டிக் கணக்கு தொடரட்டும். போனதும் "டிரிப் போடுங்க சார்" என்று வற்புறுத்த வேண்டியதில்லை. நீர்க்குறைவு கடுமையாக இல்லாதவரை வாய்வழிக் கரைசலே டிரிப்புக்குச் சமமாக வேலை செய்கிறது. குழந்தையின் எடை, கடைசியாக நனைத்த நேரம், வாந்தியின் நிறம், இதுவரை உள்ளே போன அளவு, இவை எழுதிய தாளை நீட்டினால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

வாந்தி நின்று நாலு மணி நேரம் ஆனதும் குழந்தை கேட்டால் இட்லி, குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம் என்று கொஞ்சமாக ஆரம்பிக்கலாம். கஞ்சியை மட்டும் கொடுத்து நாள்கணக்கில் பட்டினி போட வேண்டாம். வயிற்றுப்போக்கு இருந்திருந்தால் துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம் தினமும் ஒன்றாக 14 நாள் தருவார்கள், கழிச்சல் மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் அதை முழுதாகக் கொடுத்து முடிக்க வேண்டும்.